வடலூர் தாண்டி ஒரு வீடு

புஷ்பவல்லி அம்மாள் மாடியேறி வந்தாலே ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். முழங்கால் வலியோடு படி ஏறுகிறவர் இல்லை அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்க ஏறி வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மணிமொழி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பையனுக்கு இந்தப் பக்கம் மாத்தலாகும் போல இருக்கும்மா. வந்தா மாடியிலதான் இருக்கணும். மூணு மாசத்துல வேற வீடு பாத்துக்க முடியுமா?"

"சரிங்கம்மா" என்றாள் மணிமொழி. வேறு என்ன சொல்வது?

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே, இந்திரா நகரில் இருந்தது அந்த வீடு. புஷ்பவல்லியின் கணவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த வீட்டைக் கட்டினார், இரண்டு வருடம் வாழ்ந்தார், போய்ச் சேர்ந்தார். மாடியில் மணிமொழியும் அவள் கணவன் செங்குட்டுவனும் மகள் கண்ணகியும் ஐந்து வருடமாகக் குடியிருந்தார்கள். செங்குட்டுவனுக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை. பர்மனென்ட் இல்லை, ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் கிடைக்காது. மணிமொழி அதே இந்திரா நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன். கண்ணகியின் பள்ளிக்கூடம் டவுன்ஷிப்புக்குள். மூன்று பேருக்கும் எல்லாம் பக்கத்திலேயே இருந்தது.

கல்யாணமான பிறகு இது நான்காவது வீடு. மறுநாளிலிருந்து ஐந்தாவதைத் தேட ஆரம்பித்தார்கள்.

வாடகைக்கு வீடுகள் இல்லாமல் இல்லை. மணிமொழி கிளினிக் முடிந்து போய்ப் பார்ப்பாள். சமையலறை எப்படி, தண்ணீர் எப்படி என்று அவள் கேட்பதற்கு முன்பே அவர்கள் கேட்பார்கள். சொந்த ஊர் எது? குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம். அங்கே எந்தத் தெரு? அவள் காலனி என்று சொல்வாள். பொய் சொல்லலாம் என்று கிளினிக்கில் ஒருத்தி யோசனை சொன்னாள். மணிமொழிக்குப் பொய்யில் மறுப்பு ஒன்றும் இல்லை, ஆனால் சொன்ன பொய்யை வருடக்கணக்கில் காப்பாற்ற வேண்டுமே என்று நினைத்தபோதே அலுப்பாக இருந்தது. ஒரு வீட்டில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்காரர் கிளினிக்குக்கே வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க, எங்க மச்சான் அந்த வீட்டக் கேட்டாரு" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் பேசினார். அவர் போன பிறகு, எடுத்த ஊசியைத் திரும்பக் கீழே வைத்தாள். நோயாளியைக் காத்திருக்கச் சொன்னாள்.

அன்றைக்கு இரவு சாப்பாட்டின்போது சொன்னாள்.

"சொந்தமா ஒரு வூடு வாங்கிடலாங்க."

செங்குட்டுவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"எங்க? இங்க மனை வெல இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"இங்க இல்ல. குறிஞ்சிப்பாடிகிட்ட வரிசையா கட்டி விக்கிறாங்களாம். ஒரு ஹாலு, ஒரு ரூமு, சமையக்கட்டு. நம்ம மூணு பேருக்குப் போதும்."

"குறிஞ்சிப்பாடியில இருந்துகினு ஆறு மணி ஷிப்டுக்கு எப்படி வர்றது? இப்ப சைக்கிள்ல போயிகினு இருக்கேன்."

"வண்டி வாங்கலாம்."

"அதுக்கும் ஒரு கடனு." தட்டில் கை கழுவினான். "மணி, எனக்கு நாப்பது வயசு. இருவது வருச லோனுன்னா அறுபதுல முடியும். எங்க கான்ட்ராக்ட்ட ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டிதான் புதுப்பிக்கிறான். இருவது வருசத்துக்கு எவன் கியாரண்டி?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

அரசு வங்கியில் இதையேதான் வேறு விதமாகச் சொன்னார்கள். ஒரு தனியார் வீட்டுக்கடன் நிறுவனம் தர முன்வந்தது. வட்டி வங்கியைவிட அதிகம். அங்கே செந்தில்நாதன் என்ற அதிகாரி, இருவரின் சம்பளத்தையும் சேர்த்துத்தான் கடன் தர முடியும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மனையின் அப்ரூவல், தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் தங்கள் வக்கீல் பார்ப்பார் என்றார். பொறுமையான மனிதர்.

"முதல்லயே சொல்லிடறேன் மேடம். ஆரம்ப வருஷங்கள்ல நீங்க கட்டறதுல பெரும்பகுதி வட்டிக்குத்தான் போகும். அசல் மெதுவாத்தான் குறையும். நாலு வருஷம் கட்டிட்டு பேலன்ஸைப் பார்த்தா வருத்தமா இருக்கும். கையில பணம் வந்தா அப்பப்ப அசல்ல கட்டுங்க, அதுக்கு அபராதம் கிடையாது."

மாதத் தவணை அவர்கள் கொடுத்த வாடகையைப் போல இரண்டு மடங்கு. கைக்காசுக்கு செங்குட்டுவனின் பி.எஃப். பணத்திலிருந்து ஒரு பகுதி எடுக்கலாம், மணிமொழியின் நகையை விற்கலாம். போய்ப் பார்த்தார்கள். வடலூர் தாண்டி, குறிஞ்சிப்பாடிக்குச் சற்று முன்னால், வயலை மனையாக்கிய இடத்தில் எட்டு வீடுகள். ஹாலில் கட்டிலும் பீரோவும் போட்டால் நடக்க இடமிருக்காது. கண்ணகி சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்து, "ஒரே கரும்பா இருக்குதும்மா" என்றாள். விற்பவர் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பணம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

கடன் சாங்ஷன் ஆன வாரத்தில், விற்பவருக்கு இன்னும் முன்பணம் கொடுக்காத நேரத்தில், புஷ்பவல்லி மறுபடியும் மாடி ஏறி வந்தார்.

"பையன் வரலம்மா. புனேயிலயே இருந்துட்டானாம். நீங்க எங்கயும் போக வேண்டாம். வாடகையில ஒரு ஐந்நூறு மட்டும் ஏத்திக் குடுங்க, எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க. உங்கள மாதிரி ஆளுங்க கிடைக்க மாட்டாங்க."

அவர் நல்லவர். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடத் தெருவைக் கேட்டதில்லை. கண்ணகிக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தவர். அவர் இறங்கிப் போனதும் செங்குட்டுவன் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான்.

"அப்பாடா. சாமிக்குக் கண்ணு இருக்குது. இருந்துடலாம் மணி. ஷிப்டு முடிஞ்சா பத்து நிமிசத்துல படுக்கையில இருக்கேன். புள்ளைக்கு ஸ்கூலு பக்கம். ஒனக்கு கிளினிக்கு பக்கம். இன்னா கொறச்சல் இங்க?"

மணிமொழி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அவங்க போவச் சொன்னாங்க, சரின்னோம். இப்ப இருக்கச் சொல்றாங்க, அதுக்கும் சரிங்கணுமா? நாளைக்கு அவங்க பொண்ணு வரும். இல்லன்னா அந்தம்மா செத்துட்டா, பையன் வித்துருவான். அப்பறம் நான் மறுபடி வாசப்படி வாசப்படியா ஏறி எந்தத் தெருன்னு சொல்லணும். என்னால முடியலங்க. நீங்க ஷிப்டுல இருந்தீங்க, நாந்தான் போனேன்."

அவள் சொன்ன எந்த வீட்டு வாசலிலும் தான் நின்றதில்லை என்பது அப்போதுதான் செங்குட்டுவனுக்கு உறைத்திருக்க வேண்டும். வெகு நேரம் கழித்து, "சரி, வாங்கு" என்றான். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

தை மாதத்தில் பால் காய்ச்சிக் குடி போனார்கள். பத்திரம் கடன் நிறுவனத்தின் லாக்கருக்குப் போனது. இவர்களுக்கு ஒரு ஜெராக்ஸ் வந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. முதல் ஷிப்டு வாரங்களில் செங்குட்டுவன் விடிவதற்கு வெகு முன்பே, கடனில் வாங்கிய வண்டியை உதைத்துக் கிளப்புவான். அந்தச் சத்தத்தில் கண்ணகி எழுந்துவிடுவாள், ஒரே ரூம்தானே. இரண்டாம் ஷிப்டு வாரங்களில் அவன் நள்ளிரவு நெருங்கி வருவான், சோற்றை மூடி வைத்துவிட்டு மணிமொழி உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள். மணிமொழியும் மகளும் காலையில் வடலூரில் பஸ் மாறி நெய்வேலிக்குப் போனார்கள். கண்ணகி நின்றபடியே படிக்கப் பழகினாள். ஒன்பதாம் வகுப்பில் அவளுடைய மதிப்பெண் குறைந்தது. மணிமொழி அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

ஆடி மாதத்தில், நைட் ஷிப்டு முடிந்து வரும் வழியில், வடலூருக்கு முன்பாகச் செங்குட்டுவன் வண்டியிலேயே கண்ணயர்ந்துவிட்டான். லாரி எதுவும் வரவில்லை, அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் சறுக்கியது. தோளில் காறை எலும்பு முறிந்தது. கூட வேலை பார்க்கும் கலியன், பின்னால் வந்தவன், தூக்கி உட்கார வைத்து மணிமொழிக்குப் போன் செய்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் அவளைப் பார்த்ததும், "தூங்கிட்டேன் மணி" என்றான். ஏதோ குற்றம் செய்தவன் போல.

ஒன்றரை மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் ஒரு பகுதி வந்தது. தவணை எந்தத் தேதியில் போகுமோ அந்தத் தேதியில் போனது. வீட்டிலேயே கிடந்த அந்த நாட்களில்தான் அவன் அந்த வீட்டைப் பகலில் பார்த்தான். மத்தியானம் வெயில் எந்தச் சுவரில் விழும், காற்று எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் அவனுக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் மணிமொழி கிளினிக்கிலிருந்து வந்து உட்கார்ந்ததும், அவளே தொடங்கினாள்.

"வித்துரலாமாங்க?"

"இப்ப வித்தா கைக்கு இன்னா வரும்? லோனு அப்படியேதான் கெடக்குது. பத்திரச் செலவு போச்சு. ஒன் நகையும் போச்சு."

"வாடகைக்கு வுட்டுட்டு அங்கயே போயிரலாமா? புஷ்பவல்லியம்மாவக் கேக்கட்டா?"

"மாடிக்கு வேற ஆளு வந்துட்டாங்களாம். கலியன் சொன்னான்." கட்டுப் போட்ட தோளைத் தடவிக்கொண்டான். "அப்படியே வுட்டாலும் இந்த ஊர்ல வர்ற வாடகை தவணையில பாதிக்குக்கூடக் காணாது. நீ இங்கயே இரு. மைன்ஸ் பக்கத்துல, மந்தாரக்குப்பத்துல, கலியனும் இன்னும் ரெண்டு பேரும் ரூம் எடுத்துகினு இருக்காங்க. மொத ஷிப்டு, நைட் ஷிப்டு வாரத்துல நான் அங்க படுத்துக்குறேன். ரெண்டாம் ஷிப்டுக்கு மட்டும் வந்து போறேன். ரூமுக்கு என் பங்கு கொஞ்சந்தான்."

"சொந்த வூடு வாங்கிட்டு வாடகை ரூம்ல போயி படுக்கணுமா நீங்க?"

"படுத்தாதான் தவணை கட்ட முடியும்."

மணிமொழி அழுதாள். அவன் இடது கையால் தண்ணீர் மோந்து கொடுத்தான்.

அப்படியே ஏற்பாடு ஆனது. மாதத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் அவன் மந்தாரக்குப்பத்தில் ஒரு பாயில் படுத்தான். அடுத்த வருடம் கான்ட்ராக்ட் வேறு கம்பெனிக்கு மாறியது. பழைய ஆட்களையே எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அது தெரிவதற்குள் ஒரு மாதம் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே பயந்தார்கள். தீபாவளி போனஸில் கொஞ்சத்தை அசலில் கட்டினார்கள். செந்தில்நாதன் சொன்னதுபோலவே, பேலன்ஸைப் பார்த்தபோது வருத்தமாகத்தான் இருந்தது.

கண்ணகி பிளஸ் ஒன்னுக்குக் குறிஞ்சிப்பாடிப் பள்ளியிலேயே சேர்ந்தாள். பஸ் மிச்சம். அவளுடைய தோழிகள் வீட்டுக்கு வந்து போனார்கள், ஹாலில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்கள். மாடிக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சிரித்து மணிமொழி கேட்டதில்லை.

செங்குட்டுவன் லீவு நாளில் காலையில் வருவான். குளித்துவிட்டு ரூமில் படுத்தால் சாயங்காலம்தான் எழுவான். ஒரு நாள் மணிமொழி காபியோடு போய் எழுப்பியபோது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தான். அவள் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டுமா?" என்று கேட்டான்.

"தூங்குங்க. நம்ம வூடுதான்" என்று சொல்லிவிட்டு, மணிமொழி காபியை எடுத்துப் போய் அடுப்பின் ஓரத்தில் மூடி வைத்தாள்.