கொக்கி இல்லாத கொலுசு

காளிதாஸ் படியேறி வரும் சத்தத்திலேயே தேவிப்ரியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சூரமங்கலத்தில் மாடியில் இருந்த அந்த டிசைன் கடையில், பட்டறைக்காரர்கள் அனுப்பும் நகைப் படங்களைக் கணினியில் திருத்துவது அவள் வேலை. கொலுசுப் பட்டறை வைத்திருந்த காளிதாஸ் நல்ல நாளிலேயே சிரிக்காத மனிதர். இன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

வந்தவர் கடை முதலாளி வெங்கடாசலத்தின் மேசை மேல் செல்போனைப் போட்டார். அவர் பட்டறையின் புதுக் கொலுசுப் படம் அதில் இருந்தது. அதை நாற்பது கடைகளுக்கு அனுப்பியிருக்கிறார். ஆத்தூர்க் கடைக்காரர் முதல் ஆளாகக் கூப்பிட்டு, இதைக் காலில் எப்படி மாட்டுவது, நூல் போட்டுக் கட்டுவதா என்று கேட்டாராம். ஒரு முனையில் வளையம் இருந்தால் மறுமுனையில் கொக்கி இருக்க வேண்டும். படத்தில் இரண்டு முனையிலும் வளையம்தான்.

"நான் கொக்கியோடதாங்க போட்டோ அனுப்புனேன். இந்தப் புள்ள வெட்டிப்போட்டு வளையத்த ஒட்டியிருக்குது. இவள இன்னைக்கே அனுப்போணும். இல்லீனா பட்டறைக்காரங்க ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். நடந்தது வேறு. காளிதாஸ் கொலுசைத் தொங்கவிட்டு ஒரு முனையைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு படம் எடுத்திருந்தார். கையை நீக்கிக் கொலுசு மட்டும் நிற்க வேண்டும் என்றார். கையை நீக்குவது பெரிய வேலை இல்லை. கொலுசின் ஓரத்தை முத்து முத்தாகச் சுற்றிக் கோடு போட்டு, வெளியே இருப்பதை மறைத்து, வெள்ளியில் விழுந்த தோல் நிறத்தையும் எடுத்துவிடலாம். ஆனால் விரலுக்கு அடியில் இருந்ததை எந்தக் கணினி கொண்டுவந்து கொடுக்கும்? கையை எடுத்தால் அந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும்.

அவள் அன்றைக்கே போன் செய்து, கொக்கி தெரிகிற மாதிரி இன்னொரு படம் கேட்டாள். காளிதாஸ் வாய்க்கு வந்தபடி பேசினார். ஒரு கையை எடுக்கத் துப்பில்லாதவளுக்கு என்ன சம்பளம் என்றார். அந்த முனையை எடுத்து இந்த முனையில் ஒட்டு, எதிர்க்கேள்வி கேட்காதே என்று வைத்துவிட்டார். தேவிப்ரியா அவர் சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். வளையத்தை நகலெடுத்து, திருப்பி, ஓட்டையில் பொருத்தினாள். ஒட்டுத் தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை.

இப்போது வெங்கடாசலம் அவள் பக்கம் திரும்பினார். "அம்மிணி, அவரு அனுப்புன படத்தக் காட்டு. உன் தப்புன்னா நீ கிளம்பிக்கலாம்."

வாட்ஸப்பில் அந்தப் படம் இல்லை. அனுப்பியவரே அழித்திருந்தார். காளிதாஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த வேலை போனால் வேறெங்கும் சேர முடியாதபடி பட்டறை பட்டறையாகப் பேர் கெடும் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

தேவிப்ரியா கணினியில் அந்தப் படத்தின் கோப்பைத் திறந்தாள். அவள் எதையும் அழிக்கிறவள் இல்லை. கையை மறைக்க அவள் போட்ட மாஸ்க், படத்தின் மேல் திரை போடுவது மாதிரிதான். அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். ஒட்டிய வளையம் இருந்த லேயரை முதலில் மறைத்தாள். பிறகு ஷிப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு மாஸ்க்கில் ஒரு தட்டு தட்ட, திரை விலகியது.

வெள்ளைப் பரப்பில் ஒரு கை வந்து நின்றது. பச்சைக்கல் மோதிரம் போட்ட கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொலுசின் முனையை நன்றாக மூடிப் பிடித்திருந்தன. கொக்கி இம்மியும் தெரியவில்லை.

காளிதாஸ் மோதிரக் கையை மேசைக்குக் கீழே இறக்கினார். வெங்கடாசலம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு மனசு குளிர்ந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் வெங்கடாசலம் இருபது வருஷம் தொழில் பார்த்தவர். அவள் காலைப் பார்த்தார். அதிலும் கொலுசு கிடந்தது.

"ஒட்டும்போதே கொக்கி இல்லீனு உனக்குத் தெரியுமா, அம்மிணி?"

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும், பிழைத்துக்கொள்வாள். காளிதாஸும் அதைத்தான் எதிர்பார்த்து முகத்தை நிமிர்த்தினார். தொழில் தெரியாதவள் என்ற பேரை அந்த ஆளின் முன்னால் வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

"தெரியுமுங்க. வேற படம் கேட்டேன், திட்டிப்போட்டு ஒட்டச் சொன்னாரு. தெரிஞ்சேதான் ஒட்டுனேன். ஊரே பாக்கட்டும்னுதான் உட்டேன்."

வெங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையால் மறைத்தது அவர் குற்றம், தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் விட்டது உன் குற்றம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார்.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். கணினியை அணைக்கவில்லை. படியிறங்கும்போது மேலே காளிதாஸின் குரல் கேட்டது. அந்தக் கையைத் திரும்ப மறைக்கச் சொல்லி வெங்கடாசலத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதை மறைக்கத் தெரிந்தவள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.