ஆறு நிமிட ஞானசேகரன்

ஓட்டப்பந்தய வரலாற்றில் ஒரு பொன்னாள்: பேகம்பேட்டில் ஒரு கம்பெனி மேனேஜரான ஞானசேகரன், 'கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம்' என்று டி-ஷர்ட்டில் அச்சடித்துக்கொண்டார். போன வருட அரை மாரத்தானில் பாதியில் ஆட்டோ பிடித்து வீடு திரும்பியவர், இந்த முறை ஓடியே முடிக்க வேண்டும்.

ஒத்திகையாக இருபது கிலோமீட்டர் ஓடினார். கூட ஓடிய ஆபீஸ் நஸ்ரின் அவர் வாட்சைப் பார்த்தாள்.

"சார், முதல் பத்து கிலோமீட்டரும் ஆறு நிமிஷம். அடுத்த பத்து, எட்டு நிமிஷம். சராசரி ஏழு. ஏழுலயே ஆரம்பிங்க."

"நக்கோ, வேண்டாம்! ஏழா? அது நடைம்மா."

"அப்ப கடைசில எட்டுல வந்தது என்ன சார், தவழ்ந்ததா?"

பந்தயத்தன்று ஏழில் ஆரம்பித்தார். கடைசிக் கிலோமீட்டரும் ஏழுதான். ஆட்டோ தேவைப்படவில்லை. மெடலால் டி-ஷர்ட்டின் 'ஆறு'வை மறைத்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்த மெடல், ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுப்பது.