ஐந்நூறு ரூபாய்ப் பார்சல்

என் மனைவி மேனுகா செங்கலடியில் மதியச் சாப்பாட்டுப் பார்சல் விற்கிறாள். நானூற்றைம்பதை ஐந்நூறாக்கினால் வழக்கமாக வாங்கும் முப்பது பேரும் போய்விடுவார்களோ என்று மூன்று நாள் பயந்தாள். கடைசியில் பேஸ்புக்கில் சோறும் கறியும் இருக்கும் படத்தின் கீழ் எழுதினாள்: “தேங்காய் விலை ஏறியதால் இனி பார்சல் ஐந்நூறு. மன்னியுங்கள்.”

பத்து நிமிடத்தில், வழக்கமாக வாங்கும் வாத்தியார் கனகசூரியம் சேரின் கருத்து வந்தது: “பிள்ள, எங்கட வளவில தேங்காய் கிடக்கு. எடுங்க, விலையை ஏத்தாதீங்க.” இன்னொருவர் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியை நிறுத்தச் சொன்னார்.

“காரணத்தைச் சொன்னா ஆக்கள் அதோட பேரம் பேசுவாங்க,” என்றேன். நான் கடைக்காரன் மகன்.

“மறுகா வேற என்னத்த எழுத?”

“விலையும் தேதியும் போதும்.”

முறைத்துக்கொண்டே திருத்தினாள்: “ஒன்றாம் தேதியிலிருந்து பார்சல் ஐந்நூறு ரூபாய். அதே அளவு, அதே கறிகள். இந்த மாதம் முடியும்வரை பழைய விலைதான்.”

சேர் உடனே எழுதினார்: “அப்ப இந்த மாசம் எனக்கு ரெண்டு போடுங்க. அடுத்த மாசம் வழமைபோல ஒண்டு.”

மேனுகா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாத்தீங்களா, எனக்கு எழுதத் தெரியும்.”

“ஓம்,” என்றேன்.