கொடுக்காத லீவு

எங்கள் காசிநாதன் சாரிடம் லீவு கேட்பதும் சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய் பிழிவதும் ஒன்று. அரியலூர் சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்கு அவர்தான் மேலாளர். நான் சிவரஞ்சனி, அவருக்குக் கீழே நான்கு வருடமாக சாம்பிள் பார்ப்பவள்.

திருச்சியில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும், பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதம் கட்டாயம். ஜூன் ஒன்றாம் தேதியே ராஜினாமாவை நீட்டினேன். கடைசி வேலை நாள் ஜூன் முப்பது என்று அதில் எழுதியிருந்தேன்.

சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு மாசம் நோட்டீஸ்னு அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர்ல போட்டிருக்குல்ல? ஜூலை முடிஞ்சுதான் போவணும். இல்லாட்டி கடிதம் கெடையாது!"

"மிச்ச ஒரு மாசத்துக்குச் சம்பளத்தக் கட்டிட்டுப் போறேன் சார். அதுவும் ஆர்டர்லதான் இருக்கு."

வாய்தான் வீரம் பேசியது. ஸ்கூட்டியை விற்றுத்தான் அந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டும். இருவருமாக, ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசுக்குப் போனோம்.

பர்சனல் அதிகாரி அமிர்தலிங்கம் சார் என் நியமனக் கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

"கொறையற நாளுக்கு அடிப்படைச் சம்பளத்தக் கட்டிட்டு எந்தப் பக்கமும் விலகிக்கலாம்னு இருக்குங்க சார். நாம தடுக்க முடியாது. ஜூலை மாச அடிப்படைச் சம்பளம் ஏழாயிரம், கடைசிக் கணக்குல கழிச்சுக்குவோம்."

"அதுக்கு நான் கைக்காசு கட்டணுமா சார்?" என்றேன்.

"இரும்மா. உனக்கு லீவு பாக்கி இருக்குமே?" கோப்பைப் புரட்டியவர் சிரித்துவிட்டார். "முப்பத்தஞ்சு நாள்! கேட்டுக் கேட்டு, சார் கொடுக்காம விட்டதுதான் நெறைய. மறுத்த லீவு காலாவதியாகாது. போகும்போது அதுக்குக் காசு தரணும். அந்தக் காசே நோட்டீசுக்குப் போதும், உனக்கு மிச்சமும் இருக்கும்."

காசிநாதன் சார் கோப்பை வாங்கித் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். என் அக்கா கல்யாணத்துக்கு, அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு, செந்துறைத் திருவிழாவுக்கு என்று ஒவ்வொன்றாக அவர் மறுத்த லீவெல்லாம் சேர்ந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டன. எனக்கு ஆனந்தத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

காசிநாதன் சார் என் ராஜினாமாவில் ஜூன் முப்பது என்ற தேதிக்குக் கீழே 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் கேட்டார்.

"கேட்டப்பல்லாம் லீவு குடுத்திருந்தா, இங்கயே இருந்திருப்பியாம்மா?"

"இருந்திருப்பேன் சார்," என்றேன். அது உண்மைதான்.