ஆறரை வரைக்கும்

பதினெட்டு வருஷமாக அந்த மனிதரின் வாயில் ஒட்டியிருந்த மூன்று கட்டுப்பல் செட்டை டாக்டர் தட்டிக் கழற்றினார். உடனே எழுந்த நாற்றம் இரண்டு மாஸ்க்கைத் தாண்டி, பக்கத்தில் நின்று உதவிய அவள் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. செட்டுக்கு அடியில் பல் என்று சொல்ல எதுவும் இல்லை. கறுப்பாக, கொழகொழவென்று, என்றைக்கோ தின்றதெல்லாம் ஊறிக் கிடந்தது. அவள் கையிலிருந்த உறிஞ்சுகுழாய் அதை இழுத்துச் சளசளத்தது. அந்த மனிதருக்கு வெட்கமும் இல்லை, வலியும் இல்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "லேசா வாடை வந்துச்சோ?" என்று கேட்டார். லேசாவாம். அவருக்கு முன்னால் பதினோரு வாய், பின்னால் ஆறு வாய். பல் ஆஸ்பத்திரி உதவியாளர் வேலையில் ஒன்பது வருஷம் ஆகியும் அவளுக்கு மனிதர்களைப் பிடிக்கும். அவர்களுடைய வாயைத்தான் பிடிக்காது.

ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தால் இன்னொரு வாய் காத்திருந்தது. அவள் கணவன் தண்ணீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். எட்டு மணி நேரம் மோட்டார் இரைச்சலில் தனியாக உட்கார்ந்து அழுத்தமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். பேச ஆளில்லை, இருந்தாலும் காதில் விழாது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக்கொண்டு, நான்கு மணிக்கே வீடு வந்து அவளுக்காகக் காத்திருப்பான். சொந்தக்காரர்கள் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு டீயில் முக்கிய பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டே, வால்வுக்குள் தவளை மாட்டிய கதையைத் தொடங்கினான். பிஸ்கட் கூழாகி மேல் பல்லில் அப்பியது. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு நூல் எச்சில் மேலும் கீழுமாக நீண்டது.

"ஐயோ, அந்த வாயைக் கொஞ்சம் மூடுங்களேன். பார்க்கவே குமட்டுது."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவன் முகம் சுண்டிப்போனது. மிச்ச பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய் வாய் கொப்பளித்தான். தவளை வால்வுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவன் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பாள். மறுநாள் முதல் அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்தான். கோபத்தில் இல்லை, அவளுக்குக் கஷ்டம் வேண்டாமே என்று. அதுவும் நாலு வார்த்தைதான், கேட்டதற்குப் பதில். புன்னகை வந்தாலும் கை மேலே போனது. நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, தன் வீட்டிலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்த்து அவளுக்கு வந்த குமட்டல் இப்போது அவன் மேல் இல்லை, தன் மேலேயே. இப்படியே விட்டால் இந்த மனிதன் தன்னிடம் பேசுவதையே நிறுத்திவிடுவான் என்று பயமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருப்பவளிடம் பாதியைச் சொன்னாள். "தலைவலின்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கோக்கா, அவ்வளவுதான்" என்றாள் அந்தப் பெண். அன்று சாயங்காலமே அதைச் செய்து பார்த்தாள். அவன் பதறிப்போய்த் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியில் தேய்த்தான். ஒரு கை நெற்றியில், ஒரு கை தன் வாயில். இரண்டு நாள் அந்தப் பொய்யைப் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவன் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டபோது, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். களைத்து வந்த நேரத்தில் வாயைத் திறந்தால் மறுபடியும் விஷம்தான் வரும் என்று தெரிந்ததால், அந்த வேளைக்காகவே காத்திருந்தாள்.

"எனக்குத் தலைவலி எல்லாம் இல்லைங்க. பொய் சொன்னேன். அன்னைக்கு நான் சொன்னது ரொம்பத் தப்பு."

"விடு, அதுல என்ன இருக்கு." கை மேலே போனது.

"விட முடியாது. முழுசாக் கேளுங்க. சாயங்காலம் அந்தப் பல் நாற்காலிய விட்டு வந்ததும், அரை மணி நேரம் எனக்கு யார் வாயும் ஆகலை. கண்ணாடில என் வாயைப் பார்த்தாலே ஒமட்டுது. நீங்க பேசறது பிடிக்காம இல்ல. அது பிடிச்சுத்தான் உங்களக் கட்டிக்கிட்டேன். அந்த அரை மணி மட்டும் உள்ளே தனியா, பேச்சில்லாம இருந்துக்கறேன். ஆறரைக்கு நானே எழுந்து வருவேன். நீங்க வந்து கூப்பிட வேண்டியதில்ல."

அவன் ஒரு சட்டையின் கையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"அந்த நேரத்துல நான் எங்க போகணும்?"

இத்தனை யோசித்து வைத்தவள், இந்தக் கேள்வியை யோசித்திருக்கவில்லை.

"நீங்க எங்கேயும் போக வேண்டாம். இது உங்க வீடு. நான்தான் உள்ளே போறேன், அதுவும் பத்தடி தூரம். உங்களுக்கு எது கஷ்டமா இருக்கும், சொல்லுங்க."

சட்டையை அடுக்கில் வைத்துவிட்டுச் சொன்னான். "பம்ப் ஹவுஸ்ல காலைலேர்ந்து என்னை ஒருத்தன் ஏய்னு கூடக் கூப்பிட மாட்டான். நீ வந்ததும் நேரா உள்ளே போய்க் கதவச் சாத்தினா, நான் இருக்கறதே யாருக்கும் தெரியாத மாதிரி ஆயிடும். வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். அது போதும்."

"சொல்றேன். கதவையும் சாத்தலை, ஒருக்களிச்சு வைக்கறேன்."

திங்கட்கிழமை வாய்கள் வரிசைகட்டி வந்தன. ஒருவன் அவள் கையுறையைக் கடித்தான். ஒரு அம்மா தன் மடியிலேயே வாந்தி எடுத்தாள். ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவள், ஹாலில் உட்கார்ந்திருந்தவன் பக்கம் போய்த் தோளில் கையை வைத்து, "வந்துட்டேங்க. ஆறரைக்கு வர்றேன்" என்றாள். தலையாட்டினான். உள்ளே போய்க் கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, சுவரைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். சுவருக்கு வாய் இல்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

வெளியே அவன் நடப்பது கேட்டது. ஒருமுறை காலடி கதவு வரை வந்து நின்று, திரும்பிப் போனது. வாட்ச்சில் ஆறு இருபத்தெட்டு. இன்னும் பத்து நிமிஷம் இருந்தால் தேவலை என்று உடம்பு கெஞ்சியது. பத்து நிமிஷம் என்ன குடியா முழுகிவிடும்? முழுகும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் நம்பிக்கொண்டிருப்பது அவளையல்ல, ஆறரையை. முனகிக்கொண்டே எழுந்தாள்.

அவள் வந்து எதிரில் உட்கார்ந்ததும் அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அந்தத் தவளை என்னதான் ஆச்சு?"

"அதுவா..." என்று கையை வாய்க்குக் கொண்டுபோனான். பொத்தியபடியே இரண்டு வாக்கியம் சொன்னான். வால்வு எவ்வளவு பெரிசு, தவளை எப்படிச் சொருகிக்கொண்டது என்று காட்ட இரண்டு கையும் தேவைப்பட்டது. கை கீழே இறங்கியது. பிறகு அதை மறந்தே போனான். மேல் பல் வரிசையில், டீயோடு தின்றிருந்த பிஸ்கட் கூழ் பழுப்பாக அப்பியிருந்தது. கடைவாய் ஓரத்தில் எச்சில் நுரைத்தது. தவளை துள்ளிய இடத்தில் ஒரு துளி பறந்து வந்து அவள் புறங்கையில் விழுந்தது. துடைக்காமல் கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.