துடைக்காமல் விட்ட சுவர்

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் பளிச்சு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவங்க கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து, அந்தக் கைக்குச் சும்மா இருக்கவே தெரியாமல் போய்விட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டுக் கம்பியைத் துடைப்பாள். யார் வீட்டுக்காவது போனால் அவங்க மேஜையைத் துடைப்பாள். "உன்னைக் கூப்பிட்டா வேலைக்காரி வச்ச மாதிரி, சம்பளமும் மிச்சம்" என்று அக்கா கேலி செய்வாள்.

வீட்டில் அக்காவும் தங்கச்சியுமாக ரெண்டே பேர். ரெண்டு பேருக்கும் கல்யாணம் வாய்க்கவில்லை, அதைப் பற்றி ரெண்டு பேருக்கும் பெரிய வருத்தமும் இல்லை. மூணாவது மாடியில் வாடகை வீடு. அக்கா நூலகத்தில் வேலை பார்க்கிறவள், எட்டு மணிக்கே கிளம்பிவிடுவாள். பளிச்சுவுக்குப் பதினோரு மணிக்குத்தான் கடை. நடுவில் உள்ள நேரம் வீடு அவள் கையில்.

அந்த நேரத்தில்தான் சுவர் அழும். அக்கா கட்டிலுக்கு நேர் மேலே, கூரையும் சுவரும் சேர்கிற மூலையில், ஒன்பது மணி வாக்கில் ஈரம் கசியும். மேல்வீட்டுக்காரர் ராத்திரி வேலை முடித்து வந்து குளிக்கிற நேரம் அது. மழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, அவர் குளியலறைத் தரை ஒழுகுகிறது. நாலு நாள் விட்டால் அந்த மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பளிச்சு விடுவாளா? ஸ்டூலைப் போட்டு ஏறி, பிளீச்சிங் தண்ணியால் தேய்த்து, காய்ந்ததும் மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்ட்டை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் கடைக்குப் போவாள். அக்கா ராத்திரி வந்து படுக்கும்போது சுவர் கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். அக்கா இருமுவாள். ஊரெல்லாம் தூசி என்று ரெண்டு பேரும் பேசிக்கொள்வார்கள்.

போன மாசம் கடைசியில் அந்த இருமல் அக்காவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. நுரையீரலில் தொற்று. டாக்டரம்மா பளிச்சுவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஈரமோ பூஞ்சையோ உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். "அதைச் சரிபண்ணாம நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இருபத்தினாலாம் தேதி டிஸ்சார்ஜ் பண்ணலாம்னு இருக்கேன். ரூம் காயலைன்னா வேற இடம் பாருங்க" என்றார். வேற இடம் என்றால் அண்ணன் வீடு, பக்கத்து ஊர். அண்ணி நல்லவள்தான், ஆனால் அந்த வீட்டில் அக்காவுக்கு ஒரு மூலை கிடைக்குமே தவிர ஒரு வாழ்க்கை கிடைக்காது. ஒரு தடவை அங்கே போய்ப் படுத்துவிட்டால் திரும்பி வருகிற பேச்சே இருக்காது என்று பளிச்சுவுக்குத் தெரியும்.

கீழே கட்டட ஆபீஸ். அதில் ஒரு மேனேஜர், ரொம்ப மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. இந்த மாதிரி ஏழு கட்டடத்தை ஒரு கம்பெனி பார்த்துக்கொள்கிறது, அதில் ரெண்டு இவர் தலையில். பளிச்சு நேரே போய் நின்றாள். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"போன மாசம் நாலாம் தேதி சொன்னீங்க, ஆள் வந்தாங்க. பத்தொன்பதாம் தேதி மறுபடி சொன்னீங்க, மறுபடி வந்தாங்க. ரெண்டு தடவையும் 'சுவர் சுத்தமா இருக்கு, கசிவு இல்லை'ன்னு எழுதி மூடியிருக்காங்களே."

ஏன் மூட மாட்டார்கள்? ஆள் வந்தது ரெண்டு தடவையும் மத்தியானம், கடையில் அனுமதி கேட்டு ஓடி வந்தாள். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அவளால் அழுக்குச் சுவரைக் காட்ட முடியுமா? காலையிலேயே தேய்த்து, பெயின்ட் அடித்து, வாளியை ஒளித்து, ஜன்னலைத் திறந்து காய வைத்து, வந்தவருக்குக் காபியும் கொடுத்தாள். அவர் அண்ணாந்து பார்த்தார், பளபளவென்று இருந்தது, போய்விட்டார். இவ்வளவு கெட்டிக்காரி தன் வழக்கைத் தானே தோற்கடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் ஒரு பட்டாசுக்கட்டு, திரியைக் காட்டினாலே போதும். அரை மணியில், கட்டட ஆபீஸுக்கு அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. நோயாளியைக் கொல்லப் பார்க்கிறீர்கள், வக்கீல் இருக்கிறார், பத்திரிகையில் வரும், இருபத்தினாலு மணி நேரம் தருகிறேன், அப்புறம் நான் யாரென்று தெரியும்.

"அண்ணா, இதைப் படிச்சா அவங்க சுவரைப் பார்க்க மாட்டாங்க. அவங்க வக்கீலைப் பார்க்கப் போவாங்க."

"பயம் காட்டினாத்தான் வேலை நடக்கும்."

"பயந்தவன் என்ன பண்ணுவான்? பழைய ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து நீட்டுவான். சுவர் சுத்தம்னு எழுதியிருக்கு. நாமதான் பொய் சொல்றோம்னு ஆகும்."

அண்ணன் போனை வைத்துவிட்டான். வைக்கட்டும்.

மறுநாளிலிருந்து அவள் செய்த வேலை, அவள் ஆயுசில் செய்ததிலேயே கஷ்டமானது: ஒன்றுமே செய்யாமல் இருந்தாள். ஒன்பது மணிக்குச் சுவர் நனையும். ஸ்டூலில் ஏறி, ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதி எழுதுவாள். பிறகு அறை வாசலில் நின்று கட்டில், ஜன்னல், மூலை எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. கிட்டப் போய் இன்னொரு போட்டோ, அளவு புரிய ஒரு ஸ்கேலை ஒட்டி வைத்து. சாயங்காலம் கடையிலிருந்து வந்து, காய்ந்திருக்கும்போதும் ஒன்று, எந்த நேரத்தில் நனைகிறது என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே. பென்சில் கோடு ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் பெருத்துக்கொண்டே போனது. மூலையில் கறுப்பு முளைத்தது, பரவியது. பார்க்கப் பார்க்கக் கை நமநமவென்றது. ஒரு நாள் பிளீச்சிங் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள், இல்லாவிட்டால் அவளை அவளே நம்ப முடியாது.

ஒரு வாரம் கழித்து எழுதினாள். மேனேஜருக்கு மேலே கம்பெனியில் ஒரு பகுதிப் பொறுப்பாளர் அம்மா உண்டு, அவருக்கு. மேனேஜருக்கும் ஒரு நகல், அவர் முதுகுக்குப் பின்னால் எழுதியதாக இருக்கக் கூடாது என்று. வீட்டு எண், அறை, எப்போது கசிகிறது, எப்போது காய்கிறது. எந்தத் தேதியில் சொன்னாள், எந்தத் தேதியில் ஆள் வந்தார்கள். கோபத்தில் எழுதிய ரெண்டு வாக்கியத்தை அடித்தாள். 'அலட்சியம்' என்ற சொல்லை மட்டும் அடிக்க மனசு வராமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அதையும் அடித்தாள். பிறகு இப்படி எழுதினாள்:

"இரண்டு முறையும் உங்கள் மேனேஜர் தாமதமில்லாமல் ஆள் அனுப்பினார். ஆள் வருவதற்கு முன் நானே சுவரைத் துடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டேன், அதனால் அவர்களுக்குக் கசிவு தெரியவில்லை. இந்த முறை துடைக்கவில்லை. தேதி போட்ட படங்களை இணைத்திருக்கிறேன். மேல்வீட்டுக் குளியலறைத் தரையைச் சோதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். காலை ஒன்பது மணிக்கு வந்தால் கசிவை நேரில் பார்க்கலாம், அந்த நேரத்தில் நான் தினமும் வீட்டில் இருப்பேன். நுரையீரல் நோயிலிருந்து தேறிவரும் என் அக்கா இருபத்தினாலாம் தேதி இந்த அறைக்குத் திரும்ப வேண்டும். எப்போது பார்க்க வருவீர்கள் என்று பதிமூன்றாம் தேதிக்குள் சொல்ல முடியுமா? இருபதாம் தேதிக்குள் கசிவு நின்றால் நல்லது. முடியாதென்றால், முடிகிற தேதியைச் சொல்லுங்கள், அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்கிறேன். பதில் கிடைக்காவிட்டால் நகராட்சியின் வீட்டு ஆய்வுப் பிரிவிடம் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்பேன்."

கடைசி வரியை வைப்பதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தாள். செய்யப்போவதை முன்கூட்டியே சொல்வது மிரட்டல் இல்லை, சொல்லாமல் செய்வதுதான் துரோகம் என்று தோன்றியது. வைத்தாள்.

அவள் அனுப்பிய நகலைப் படித்துவிட்டு அண்ணன் போனில் தலையில் அடித்துக்கொண்டான். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியே. நான்தான் துடைச்சேன்னு எழுதுவியா?"

"ரிப்போர்ட் அங்க இருக்கே. அதுக்குப் பதில் சொல்லாம எந்தப் படத்தை நம்புவாங்க?"

ரெண்டு நாளில் பதில் வந்தது. பன்னிரண்டாம் தேதி, ஒன்பது மணிக்கு. மேனேஜர், பிளம்பர், தூக்கக் கலக்கத்தோடு மேல்வீட்டுக்காரர், மூணு பேரும் அந்த அறைக்குள் வந்து நின்றார்கள். பளிச்சுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த யாரும் ஒரு சிலந்தி வலை பார்த்ததில்லை. இப்போது மூணு ஆம்பிளைகள் அவள் அக்காவின் கட்டிலுக்கு மேலே அடுப்புக்கரி பூசிய மாதிரி ஒரு மூலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிளம்பர் மேலே போய்க் குளியலறைத் தரையில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணியை ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் மூலையில் ரோஜா நிறத்தில் ஒரு முத்து வந்து தொங்கியது. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

"வடிகுழியைச் சுத்திப் பூச்சு போயிருக்கு" என்றார் பிளம்பர் இறங்கி வந்து. மேனேஜர் அவளைப் பார்த்தார். "அக்கா உடம்பு சரியில்லைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

பதினேழாம் தேதி கசிவு நின்றது. ஆனால் நனைந்த சுவர் ஒரே நாளில் காய்ந்துவிடுமா? பூஞ்சையை மருந்து போட்டு எடுத்து, ஊறிய பூச்சைத் தட்டிவிட்டார்கள். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றையும் கம்பெனி கொண்டுவந்து வைத்தது. முழுசாகக் காய முப்பத்தோராம் தேதி ஆகும், ஒரு வாரம் கூடுதல் கொடுங்கள் என்று அந்தப் பொறுப்பாளர் அம்மாவே எழுதிக் கேட்டார். பளிச்சு சரியென்றாள். டாக்டரம்மாவிடம் கெஞ்சி, அக்காவை இன்னொரு வாரம் அங்கேயே வைத்திருக்கவும் ஏற்பாடு செய்தாள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற நிம்மதியோடுதான் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒரு வாரம்தான்க்கா. சுவர் காயணுமாம்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அண்ணன்கிட்டப் பேசிட்டியா? என்னை அங்க அனுப்பிடு. அதுதான் எல்லாருக்கும் சௌகரியம்."

"யார் உன்னை அனுப்பறதா சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? அந்த ரூம்ல எத்தனை வருஷமா படுக்கறேன். ஒரு கறை பார்த்ததில்லை நான். திடீர்னு ஈரங்கற, பூஞ்சைங்கற, இன்னும் ஒரு வாரம்ங்கற. நோயாளியைப் பார்த்துக்கறது கஷ்டம்தான்டி. நேரா சொல்லியிருந்தா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

பளிச்சுவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் அக்கா இந்த நினைப்போடுதான் இந்தக் கட்டிலில் கிடந்திருக்கிறாள். கம்பெனிக்காரர்களுக்கு அத்தனை படம் அனுப்பினாளே, அக்காவுக்கு ஒன்று காட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அக்கா பயப்படுவாள் என்று, அக்கா அருவருப்படைவாள் என்று, அவளிடம் மட்டும் இன்னும் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

போனை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தாள். கடைசிப் படத்தில் நின்றுவிட்டாள்.

"இது என் கட்டிலா?"

"ஆமாம்க்கா."

"இதுக்குக் கீழயா படுத்திருந்தேன்?"

"ஆமாம். தினம் காலையில நான் துடைச்சிடுவேன். உனக்குத் தெரிய வேண்டாம்னு." அவள் கை கட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தது. "உன்னை நான்தான்க்கா இங்க படுக்க வச்சுட்டேன்."

அக்கா அந்தக் கறுப்பு மூலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணி வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"போடி பைத்தியம்" என்றாள். "என்னை வேண்டாம்னுட்டியோன்னு நினைச்சுட்டிருந்தேன். அதுக்கு இந்தக் கறை எவ்வளவோ தேவலை."