நசுங்கிய பெட்டிக்கு எத்தனை நட்சத்திரம்?

ஆன்லைனில் வாங்கிய சமையலறைத் தராசு சொன்ன தேதிக்கு வரவில்லை. வந்த அன்றும், டெலிவரிக்காரர் மணிகூட அடிக்காமல் பெட்டியை வாசலில் வீசிவிட்டுப் போயிருந்தார். அது மூலை நசுங்கி, மழையில் ஊறிக் கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெட்டியைப் படமெடுத்து, ஒற்றை நட்சத்திரம் போட்டு, ரிவ்யூவில் காய்ச்சி எடுத்தேன். அனுப்பப் போகும்போது கணவர் எட்டிப் பார்த்தார்.

"தராசு எப்படி இருக்கு?"

"இன்னும் பிரிக்கலைங்க."

"வாங்கறதுக்கு முன்னாடி ரிவ்யூ எல்லாம் படிச்சுட்டு, 'எல்லாரும் பெட்டியைப் பத்தியே புலம்பறாங்க, எடை சரியா காட்டுதான்னு ஒருத்தரும் சொல்லலை'ன்னு கத்தினது யாரு?"

நான்தான். முணுமுணுத்துக்கொண்டே பிரித்தேன். தராசில் ஒரு கீறல் இல்லை. மளிகைக்கடையில் ஒரு கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி வந்து வைத்தேன். நடுவில் வைத்தால் சரியாக ஒரு கிலோ. ஓரத்தில் வைத்தால் நாலு கிராம் குறைவு. இரண்டையும் எழுதி நாலு நட்சத்திரம் போட்டேன். தாமதத்தையும் வீசியதையும் டெலிவரி நிறுவனத்துக்குத் தனிப் புகாராக அனுப்பினேன்.

"அப்போ அந்தப் படம்?" என்றார்.

"அதுவும் ரிவ்யூல இருக்கு. 'இவ்வளவு அடி வாங்கியும் உள்ளே ஒண்ணும் ஆகலை, பேக்கிங் பிரமாதம்'னு போட்டிருக்கேன்."